குடை யாருடைய கையில் இருந்தது?

களனிப் பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்பு வகுப்பொன்றில் எங்களுக்கு ஓர் ஆங்கில வசனம் தந்தார்கள். ஒரு பெண் ஓர் ஆளை அடிக்கிறாள். வசனத்தின் கடைசியில் ‘வித்’ என்ற சொல்லும் ஒரு குடையும் வருகின்றன. அவ்வளவுதான். குடை அவளுடைய கையில் இருந்ததா, அடி வாங்கினவனுடைய கையில் இருந்ததா என்று ஆங்கிலம் சொல்லாது. தமிழில் எழுத வெளிக்கிட்டால் முதல் சொல்லிலேயே முடிவெடுக்க வேண்டும்.

குடைதான் ஆயுதம் என்றால், “அவள் அவனைக் குடையால் அடித்தாள்.” குடை அவனிடம் இருந்தது என்றால், “குடையோடு நின்றவனை அவள் அடித்தாள்.” இங்கே ‘நின்ற’ என்றோ ‘வந்த’ என்றோ ஒரு வினை கட்டாயம் வேண்டும். ‘குடையோடு ஆள்’ என்று பெயருக்கு முன்னால் நேரே கொண்டுபோய் ஒட்ட ஏலாது; ஓடு ஒரு வினையில் சாய்ந்துதான் நிற்கும். ஆங்கிலத்துக்கு அந்தத் தேவை இல்லை, அதனால்தான் அங்கே குழப்பம்.

வகுப்பில் கனபேர் எழுதியது மூன்றாவது ஒன்று: “அவள் குடையுடன் அவனை அடித்தாள்.” பிழை என்று ஒருவருக்கும் உடனே படவில்லை, ஏனென்றால் அந்த வசனம் உடையவில்லை. அது வேறு ஒரு காட்சியைச் சொல்கிறது. கக்கத்தில் குடையை இடுக்கிக்கொண்டு, மற்றக் கையால் ஓங்கி அறைகிறாள். குடை சும்மா கூட வந்திருக்கிறது. ஆலும் ஓடும் இடம் மாறினால் வருகிற வில்லங்கம் இதுதான். வசனம் இலக்கணமாக நிற்கும், பொருள் மட்டும் வேறெங்கேயோ போய்விடும். வாசித்துப் பார்த்தால் மட்டும் பிடிபடாது, காட்சியை மனதில் வரைந்து பார்க்க வேண்டும்.

எனக்கு உதவுகிற சோதனை ஒன்று இருக்கு. உருபை எடுத்துவிட்டு ‘கொண்டு’ போட்டுப் பாருங்கள். “கத்தி கொண்டு வெட்டினான்” சரியாக வருகிறது, அப்போ ‘கத்தியால்’. “தங்கச்சி கொண்டு போனேன்” வராது. அந்த இடத்தில் ‘கூட’ போட்டால் வரும், அப்போ ‘தங்கச்சியோடு’. “பூக்களுடன் அலங்கரிக்கப்பட்ட மேடை”, “மண்ணுடன் மூடப்பட்ட கிணறு” மாதிரி வசனங்கள் இந்தச் சோதனையில் விழுந்துவிடும். பூவைக் கொண்டுதானே அலங்கரித்தார்கள்? பூவும் மேடையும் சேர்ந்து ஒன்றையும் அலங்கரிக்கவில்லையே. இவை ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு எழுதின வசனங்கள் என்பது பார்த்த உடனே தெரியும்.

ஆனால் சோதனைக்கும் எல்லை இருக்கு. ஆல் கருவியை மட்டும் சொல்வதில்லை, காரணத்தையும் சொல்லும். “காய்ச்சலால பரீட்சைக்கு வரேல்ல.” “காய்ச்சலோட பரீட்சைக்கு வந்தன்.” முதலாவதில் காய்ச்சல் ஆளை மறித்தது. இரண்டாவதில் ஆளோடு சேர்ந்து மண்டபத்துக்குள்ள வந்து குந்தியிருந்தது. இரண்டிலும் ‘கொண்டு’ போட ஏலாது, ஆனாலும் வீட்டில் தமிழ் பேசுகிற ஒருவரும் இவற்றை மாற்றிச் சொல்லமாட்டார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது எங்கட ‘ஏலாது’. “அவனால ஏலாது” என்றால் அவனுக்குச் சக்தியில்லை. “அவனோட ஏலாது” என்றால் எங்களுக்குத்தான் சக்தியில்லை, அவனைச் சமாளிக்க முடியாது. உருபு ஒன்று மாற, பலவீனம் ஓர் ஆளிடமிருந்து மற்ற ஆளிடம் போய்விடுகிறது. கையும் அப்படித்தான். கையால சாப்பிடுவது ஒன்று, வந்த கையோட சாப்பிடுவது இன்னொன்று. இரண்டாவதுக்குக் கரண்டி பாவித்தாலும் பரவாயில்லை.

இவ்வளவு தூரம் விலகி நிற்கிற இரண்டையும் பள்ளிக்கூடத்தில் ஏன் ஒரே பெட்டிக்குள் போட்டு ‘மூன்றாம் வேற்றுமை’ என்று பாடமாக்க வைத்தார்கள்? பவணந்தியாரின் நன்னூல் ஆல், ஆன், ஓடு, ஒடு நான்கையும் மூன்றாம் வேற்றுமை உருபுகளாகச் சொல்லி, கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்று மூன்று பொருளையும் அதற்கே கொடுக்கிறது. தொல்காப்பியம் அந்த வேற்றுமைக்கு ‘ஒடு’ என்றே பேர் வைத்துவிட்டு, அதன் பொருளாக வினைமுதலையும் கருவியையும் சொல்கிறது. அதாவது பழைய தமிழில் ஒடு கருவிக்கும் வந்திருக்கிறது. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் உடனிகழ்ச்சியைத் தனி வேற்றுமையாகப் பிரித்துப் பார்த்தார்.

அப்படியென்றால் ‘குடையுடன் அடித்தாள்’ என்று எழுதினவர்களுக்குத் தொல்காப்பியமே சாட்சி என்று வாதாடலாம். வகுப்பில் ஒருவர் உண்மையிலேயே வாதாடினார், நன்றாகத்தான் இருந்தது. நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பழைய உரிமை இன்றைய காதில் எடுபடாது. இன்றைக்கு அந்த இரண்டு வேலையையும் தமிழ் பிரித்துக் கொடுத்துவிட்டது. பள்ளிக்கூடப் பெட்டி மட்டும் பழைய வீட்டில் இருக்கிறது.

பேச்சுத் தமிழில் இன்னொரு பக்கமும் இருக்கு. வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்து ஆட்களின் வீடுகளில் “வீட்டால வந்தன்”, “கடையால வாங்கினன்” என்று கேட்டிருப்பீர்கள். இந்தியாவிலிருந்து வந்த ஒருவருக்கு இது விளங்காமல் போகலாம், வீட்டைக் கருவியாக்கி எப்படி வருவது என்று. இங்கே ஆல் ‘இருந்து’ என்ற வேலையைச் செய்கிறது. சிங்களத்திலும் அப்படித்தான்: ‘பிஹியென்’ என்றால் கத்தியால், ‘கெதரின்’ என்றால் வீட்டிலிருந்து, இரண்டுக்கும் ஒரே வகை ஈறு. கூட்டுக்கு ‘எக்க’ என்று தனிச்சொல். சிங்களத்தின் தாக்கம் என்று உடனே முடிவுகட்ட எனக்கு விருப்பமில்லை. “ஒழுங்கையால போ”, “பின் வாசலால வா” என்று வழியைச் சொல்வதற்கும் நாங்கள் ஆல் பாவிக்கிறோம். வாசலை வழியாகக் கொண்டு வருவதற்கும் வாசலிலிருந்து வருவதற்கும் இடையில் ஓர் அடிதான் தூரம். அந்தப் பாலத்தால தமிழ் தானாகவே நடந்து போயிருக்கலாம்.

ஓடுக்கும் அந்தப் பக்கத்தில் வேறு வேலை கிடைத்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் ‘என்னோட புத்தகம்’ என்றால் என்னுடைய புத்தகம். நாங்கள் ‘என்ர’ என்று சொல்வதால் அந்தத் தொல்லை குறைவு. “அவனோட அம்மா வந்தா” என்று சொன்னால் எங்களில் கனபேருக்கு வந்தது இரண்டு பேர். கொட்டாஞ்சேனையில் படத் தமிழ் பேசுகிற என் சிநேகிதிக்கு அம்மா மட்டும்தான் வந்தவ. இருவரும் அதே வசனத்தைத்தான் சொல்கிறோம்.

பத்திரிகைத் தலைப்புகளை இந்தக் கண்ணோடு பார்க்கத் தொடங்கினால் நிற்பாட்ட ஏலாது. “கஞ்சாவுடன் இருவர் கைது” சரியான தமிழ். பொருள் அவர்களிடம் இருந்தது, அவ்வளவுதான் பத்திரிகைக்குத் தெரியும். ‘கஞ்சாவால்’ என்று போட்டிருந்தால் காரணத்தையும் பத்திரிகையே தீர்மானித்ததாகிவிடும். ஆனால் “கோபத்துடன் தாக்கினார்”, “கோபத்தால் தாக்கினார்” இரண்டில் எது சரி என்று கேட்டால் எந்தச் சோதனையும் உதவாது, இரண்டும் நல்ல தமிழ். முதலாவது அடிக்கும்போது ஆள் எப்படி இருந்தார் என்கிறது, இரண்டாவது ஏன் அடித்தார் என்கிறது. அதை மொழிபெயர்க்கிறவர், எழுத முதல் என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.