கட்டம் சதுரமாக இருக்க வேண்டும்

கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கையின் மதில். நீளம் 24 அடி, உயரம் 8 அடி. அதில் ஏறவேண்டிய படம் வெள்ளவத்தையில் வரையப்பட்டது. கடலை ஒட்டி ஓடும் கரையோர ரயில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பிள்ளையின் கையைப் பிடித்து நிற்கும் ஒரு தாய், அருகில் செவ்விளநீர் விற்பவர் ஒருவர். சித்திரம் படிக்கும் மாணவி ஒருவர் அதை ஏ4 தாளில் 27 சென்றிமீற்றர் அகலமும் 18 சென்றிமீற்றர் உயரமுமாகப் பென்சிலால் வரைந்திருந்தார். அதை மதிலுக்குக் கொண்டுபோகும் திட்டத்தையும் தனித்தாளில் எழுதியிருந்தார். பெயர்ப்பலகையும் சினிமா விளம்பரமும் எழுதிப் பழகிய முதிய ஓவியர் ஒருவர் அந்தத் திட்டத்தை மதிலடியில் வைத்துச் சரிபார்த்தபோது நானும் கூட நின்றேன்.

திட்டம் பார்வைக்கு ஒழுங்காகவே இருந்தது. தாளில் 3 சென்றிமீற்றருக்கு ஒரு கோடு. நெடுக்கில் 9 பத்தி, குறுக்கில் 6 வரிசை. மதிலையும் அதேபோல 9 ஆகவும் 6 ஆகவும் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பதை அதற்குரிய கட்டத்தில் வரைவது.

"மதில்ல ஒரு கட்டம் என்ன அளவு வருது மகள்?" என்று கேட்டார் மாஸ்டர்.

மாணவி கணக்குப் பார்த்தார். அகலம் 32 அங்குலம், உயரம் 16 அங்குலம்.

"தாள்ல?"

"மூன்றுக்கு மூன்று, மாஸ்டர்."

அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. தாளில் சதுரமாக இருந்த கட்டம் மதிலில் இரு மடங்கு அகன்ற செவ்வகமாகிறது. ஒவ்வொரு கோட்டையும் பிசகாமல் எடுத்து வைத்தாலும் தாயின் முகம் பக்கவாட்டில் இரட்டிப்பாகும். ரயில் சக்கரம் முட்டை வடிவமாகும். வரைபவர் ஒரு கட்டத்துக்குள் மட்டும் பார்த்து வேலை செய்வதால், பாதிப் படம் முடியும்வரை இது கண்ணில் படாது. பண்டைய எகிப்தியர் கல்லறைச் சுவர்களில் செங்காவி தோய்த்த நூலால் கட்டம் அடித்தார்கள். நிற்கும் மனித உருவைப் பாதத்திலிருந்து நெற்றியின் மயிர்க்கோடு வரை 18 சதுரங்களுக்குள் அடக்கினார்கள். சுவர் பெரிதானாலும் சிறிதானாலும் உருவம் கெடாமல் இருந்ததற்குக் காரணம், கட்டம் எப்போதும் சதுரமாகவே இருந்ததுதான்.

அப்படியானால் படத்தின் மேலும் கீழும் வெட்டுவதா? வெட்டினால் தாயின் தலையோ காலோ போய்விடும். மாஸ்டர் வேறு வழி சொன்னார். உருவங்களை அப்படியே விட்டு, இரண்டு பக்கமும் படத்தை நீட்டுவது. ரயிலும் கடலும் இயல்பாகவே நீளமானவை. இன்னும் இரண்டு பெட்டிகளும் கொஞ்சம் அலையும் சேர்த்தால் படம் கெடாது. புதிய தாளின் அளவு மதிலின் விகிதத்திலேயே அமைந்தது: 36 சென்றிமீற்றருக்கு 12. இப்போது தாளில் ஒரு சென்றிமீற்றர் என்பது மதிலில் 8 அங்குலம். தாயின் உருவம் தாளில் 8 சென்றிமீற்றர் என்றால், மதிலில் 5 அடி 4 அங்குலம். ஒழுங்கையில் நடந்து வருகிறவருக்கு நேர் எதிரே ஆளளவில் ஒரு பெண் நிற்பாள்.

அடுத்தது கட்டத்தின் அளவு. ஓர் அடிக் கட்டம் என்றால் 192 கட்டங்கள். கோடு அடிப்பதிலேயே நாள் போய்விடும். அத்தனை கோடுகளுக்கு நடுவே படத்தின் கோடு எது என்று கண் தடுமாறும். இரண்டடிக் கட்டம் என்றால் 12 பத்தி, 4 வரிசை, மொத்தம் 48. தாளில் அது 3 சென்றிமீற்றர் சதுரம். கடலுக்கும் ரயிலுக்கும் அது தாராளமாகப் போதும். பத்திகளுக்கு மேலே அ, ஆ, இ என்றும், வரிசைகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்றும் குறித்துவிட்டால், "இ3ல கோடு இடப்பக்கத்தை மூன்றில் ஒரு பங்கு உயரத்தில வெட்டுது" என்று ஒருவர் சொல்ல இன்னொருவர் புள்ளி வைக்கலாம். கட்டத்தில் வரைவதன் சூட்சுமமே இதுதான். முதலில் உருவத்தைப் பார்ப்பதில்லை. கோடு கட்டத்தின் பக்கத்தை எங்கே வெட்டுகிறது என்று புள்ளி வைத்துவிட்டு, பிறகு புள்ளிகளை இணைக்கிறார்கள். 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்குப் பின் இளைஞர்கள் நாடெங்கும் மதில்களில் கூட்டம் கூட்டமாக வரைந்தார்கள். அப்படிப் பல கைகள் ஒரே படத்தில் வேலை செய்யும்போது இந்த முறை மிகவும் உதவும்.

பிறகு மாஸ்டர் தாளை விட்டு மதிலைப் பார்த்தார். ஒழுங்கை சரிவானது, மதிலின் ஒரு முனையில் தரை ஐந்து அங்குலம் இறங்கியிருந்தது. தரையிலிருந்து அளந்தால் குறுக்குக் கோடுகள் எல்லாம் சரிந்துவிடும், கடல் ஒரு பக்கமாக வழியும். தண்ணீர் நிரப்பிய குழாயை இரு முனையிலும் பிடித்துப் பார்த்தோம். மதிலின் மேல்விளிம்பு மட்டமாக இருந்தது. ஆகவே அளவு மேலிருந்து கீழே வரவேண்டும் என்று முடிவானது. அடியில் மிஞ்சும் ஆப்பு வடிவத் துண்டுக்குக் கடும் நிறம் ஒன்று. மழையில் தெறிக்கும் சேற்றையும் அதுவே தாங்கிக்கொள்ளும்.

நெடுக்குக் கோடுகளுக்குத் தூக்குக்குண்டு. குறிகளை வைக்கும்போது இரண்டடிக் கோலை நகர்த்தி நகர்த்தி வைக்கக்கூடாது. ஒவ்வொரு முறையும் அரைக்கால் அங்குலம் பிசகினால் பன்னிரண்டாவது கட்டத்தில் ஒன்றரை அங்குலம் தவறியிருக்கும். டேப்பை ஒரு முனையில் பிடித்து 2, 4, 6 என்று 24 வரை ஒரே இழுப்பில் குறிக்கவேண்டும். கடைசியில் மூலைக்கு மூலை அளப்பது. இரண்டு மூலைவிட்டமும் 25 அடி மூன்றரை அங்குலத்தை ஒட்டி, ஒன்றுக்கொன்று சமமாக வந்தால் சட்டம் நேராக இருக்கிறது. ஒன்று கூடி மற்றது குறைந்தால் எங்கோ சாய்ந்திருக்கிறது.

கோடு அடிக்கும் நூலுக்கு நீலத்தூள்தான் நல்லது. சிவப்புத்தூள் சுவரைப் பற்றிக்கொண்டு மேல் பூச்சையும் மீறித் தெரியும். நீலத்தூளை மழை கழுவிவிடும் என்பதும் உண்மை. கொழும்பில் ஒக்டோபர், நவம்பர் மாதப் பின்னேரங்களை நம்ப முடியாது. அதற்காக மதிலின் நான்கு ஓரத்திலும் கோடு தொடங்கும் இடங்களில் பெயின்ற்றால் சிறு குறிகள். மழை பெய்தாலும் குறிக்குக் குறி நூலை இழுத்து அடித்தால் கட்டம் அப்படியே திரும்ப வந்துவிடும்.

மதிலில் இரண்டு தூண்கள் புடைத்து நின்றன. மாணவியின் தாளில் அவை இல்லை. மாஸ்டர் அளந்து அவற்றைத் தாளில் குறித்தபோது, ஒரு தூணின் விளிம்பு இளநீர்காரரின் முகத்தை நடுவே வெட்டியது. ஆளைத் தாளிலேயே ஒரு கட்டம் தள்ளி நிறுத்தினார்கள். மதிலில் வரைந்த பிறகு இதைத் திருத்துவதாயிருந்தால் அந்தப் பகுதியை முழுக்க அழித்திருக்க வேண்டும்.

எனக்கு அன்று மிகவும் பயன்பட்ட பாடம் முகத்தைப் பற்றியது. இந்தக் கணக்கில் தாளின் ஒரு மில்லிமீற்றர் மதிலில் இரண்டு சென்றிமீற்றர். தாயின் முகம் தாளில் ஒரு சென்றிமீற்றர்தான். அதில் கண் என்பது பென்சில் முனையின் ஒரு தொடுகை. அந்தத் தொடுகையைப் பெருப்பித்தால் கிடைப்பது பெரிய புள்ளி, கண் அல்ல. தாளில் இல்லாததைக் கட்டம் தராது. எத்தனை சிறு கட்டமாகப் பிரித்தாலும் இதுதான் நிலை.

"முகத்துக்குக் கட்டம் வேணாம் மகள். மதில்ல வாற அளவுக்கே தனியா ஒரு தாள்ல கீறிக்கொண்டு வாங்க" என்றார் மாஸ்டர்.

எட்டு அங்குல முகம் ஓர் ஏ4 தாளுக்குள் அடங்கும். அதைப் பொறுமையாக வரைந்து, கோடு நெடுக ஊசியால் குத்தி, மதிலில் வைத்துத் துணிப்பொட்டலத்தில் கட்டிய கரித்தூளால் தட்டினால் புள்ளிக்கோடாக முகம் இறங்கும். தாளை எங்கே வைப்பது என்பதை மட்டும் கட்டம் சொல்லும்.

திருத்திய திட்டத்தில் மாணவி மூன்று தாள்கள் வைத்திருந்தார்: தூண்கள் குறித்த 48 கட்டத் தாள், மூன்று முகங்களுக்குமான ஆளளவுத் தாள்கள் எவை என்ற பட்டியல், அடியில் ஓடும் கடும் நிறப் பட்டையின் அளவு. மாஸ்டர் கடைசியாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். கோட்டுப்படம் முடிந்ததும், பெயின்ற் டப்பாவைத் திறக்கமுன், நூல் கோடுகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு எதிர்ப்பக்க மதிலில் முதுகை வைத்து நின்று பார்ப்பது. கட்டம் இருக்கும்வரை கண் கட்டத்தையே சரிபார்க்கிறது. கட்டம் போன பிறகுதான் அந்தத் தாய் சரியாக நிற்கிறாளா என்பது தெரியும்.