யாத்திரை டிக்கெட்டுக்கு அர்ச்சனைப் பெயர் வேண்டாம், கடப்பிதழ்ப் பெயர் கொடுங்க

திருச்சி யாத்திரைக்குப் பெயர் எழுதத் தொடங்கிட்டோம். கோயில் மேசையில் உட்கார்ந்து பெயர் எழுதும் நாங்கள் ஒவ்வொரு தடவையும் பார்க்கிற ஒரு சிக்கலைப் பற்றி இங்கே சொல்லிடுறோம்.

ஓர் உதாரணம் எடுத்துக்குவோம். கோயிலில் எல்லாரும் 'லட்சுமி கணேசன்' என்று கூப்பிடும் ஓர் அக்கா. கணேசன் அவருடைய வீட்டுக்காரர். ஆனால் அக்காவின் மலேசியக் கடப்பிதழில் இருப்பது LETCHUMY A/P MUNIANDY. கல்யாணம் ஆனாலும் அங்கே அப்பா பெயர்தான். நாம் தமிழில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து ஏஜெண்ட் LAKSHMI GANESAN என்று தட்டிவிட்டால், விமான நிலையக் கவுண்டரில் அது வேறொரு ஆளின் டிக்கெட். பொதுவாக ஒருத்தர் டிக்கெட்டில் இன்னொருத்தர் போக முடியாது. அதனால் கவுண்டரிலேயே நிறுத்திடுவாங்க. குழு விமானம் ஏறிடும், அக்கா பெட்டியோடு நிற்கணும்.

அடுத்தது பெயர் வரிசை. நம் கடப்பிதழில் பெயர் ஒரே வரியில் இருக்கு, குடும்பப் பெயர்னு தனியா இல்லை. ஆனால் டிக்கெட் போடும் கணினி இரண்டு கட்டம் கேட்கும். வழக்கமாக முதல் பெயரில் LETCHUMY, குடும்பப் பெயரில் MUNIANDY போடுவோம். டிக்கெட்டில் இப்படி வரும்:

```
MUNIANDY/LETCHUMY MS
```

அப்பா பெயர் முன்னால வந்திருச்சேன்னு பயப்படாதீங்க. டிக்கெட் எழுதும் முறையே அதுதான். சாய்கோடு இரண்டு பெயரையும் பிரிக்கும் குறி. அதனாலதான் A/P-யில் உள்ள கோட்டை அங்கே போட முடியாது. சில விமான நிறுவனங்கள் AP என்று சேர்க்கச் சொல்லும், சில விட்டுவிடச் சொல்லும்.

LETCHUMY/MUNIANDY என்று வந்தால்தான் கட்டம் மாறியிருக்கு என்று அர்த்தம். கவுண்டரில் சில சமயம் விட்டுடுவாங்க, ஆனா அதை நம்பிக் கிளம்பக்கூடாது. டிக்கெட் வாங்கின இடத்திலேயே உடனே சொல்லுங்க. ஏஜெண்டிடம் வாங்கியிருந்தால் விமான நிறுவனம் பெரும்பாலும் அவரிடமே திருப்பி அனுப்பும். கடப்பிதழ்ப் படத்தை அனுப்பி, "ஆள் அதே ஆள்தான், வரிசையை மட்டும் திருத்தணும்" என்று கேளுங்க. வரிசை மாற்றமும் ஓரிரு எழுத்துப் பிழையும் திருத்தம் என்ற கணக்கில் முடியலாம். அப்பா பெயருக்குப் பதில் கணவர் பெயர் இருந்தால் புது டிக்கெட்டே வாங்க வேண்டி வரலாம். எதுவானாலும் ஆன்லைன் செக்-இன் செய்வதற்கு முன்னால் செய்யணும். திருத்திய டிக்கெட் கைக்கு வந்ததும் போகிற பயணம், திரும்புகிற பயணம் இரண்டிலும் பெயரைப் பாருங்க. இந்திய விசாவிலும் அதே எழுத்துதான் இருக்கணும்.

அதனால், அம்மாக்களே, ஐயாக்களே, பெயரை வாயால் சொல்ல வேண்டாம். கடப்பிதழில் படம் உள்ள பக்கத்தின் நகலைக் கொண்டு வாங்க. டிக்கெட் போடும் முன்னால் ஏஜெண்ட் தட்டின பெயரை உங்களிடம் காட்டுவோம். ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்த பிறகு சரின்னு சொல்லுங்க.