வாசலில் வைத்த ஏடு

வெளியூருக்குப் படிக்க வந்த மாணவனுக்கு இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று பாடத்துக்கு, மற்றொன்று வயிற்றுக்கு. புணேயில் நாங்கள் மூவர் ஒரே வீட்டில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறோம். அரிசியை ஒருவர் வாங்குவார். எரிவாயுவுக்கு மற்றொருவர் கொடுப்பார். மாதக் கடைசியில் மனத்தாங்கல் வராதிருக்க, பைத்தான் மொழியில் ஒரு சிறு செலவுக் கணக்கு நிரலை எழுதினேன். நான் இயற்பியல் மாணவன். நிரல் எழுதுவது என் தொழில் அன்று. ஆயினும், பிறருக்கும் பயன்படட்டும் என்று அதன் மூலத்தைப் பொதுவில் வைத்தேன். எவரும் எடுத்தாளலாம், திருத்தலாம் என்று சொல்லும் உரிமக் கோப்பையும் உடன் வைத்தேன். அது இல்லையேல், பொதுவில் கிடந்தாலும் பிறர் அதை எடுத்தாள அனுமதி இல்லை.

இத்தகைய நிரல்களின் வாசலில் ஓர் ஏடு இருக்கும். அதன் பெயர் README.md. நிரல் என்ன செய்யும், எப்படி நிறுவுவது, திருத்த விரும்புவோர் என்ன செய்யவேண்டும் என்பவற்றை அது சொல்லவேண்டும். நான் அதைப் பத்தே நிமிடத்தில் எழுதி முடித்தேன். அந்த அவசரத்தின் விலையை வேறொருவர் கொடுத்தார்.

நம் சங்கத்துக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், தம் அறைக்கும் அந்த நிரல் வேண்டுமென்றார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், அவர் நோட்டுப் புத்தகத்தில் பால் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

"எனக்கு இதெல்லாம் வராது அண்ணா. உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று விட்டுவிட்டேன். கணினி விருப்பப் பாடத்தையும் மாற்றிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்" என்றார்.

நான் திடுக்கிட்டேன். அவருடைய மடிக்கணினியைத் திறந்து பார்த்தோம். நிரல் ஒழுங்காகவே தொடங்கியது. முதல் செலவைப் பதிந்தவுடன் இந்தப் பிழை வந்தது:

```
sqlite3.OperationalError: no such table: expenses
```

குற்றம் அவருடையது அன்று. செலவுகளைச் சேமிக்கும் எஸ்கியூலைட் கோப்பு இல்லாவிட்டால், பைத்தான் முறையிடுவதில்லை. வெறும் கோப்பு ஒன்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். உள்ளே அட்டவணை இல்லை என்பது எழுதப் புகும்போதுதான் தெரியும். என் கணினியில் அந்த அட்டவணையை எப்போதோ உண்டாக்கிவிட்டேன். எனவே அந்தப் பிழை என் கண்ணில் படவே இல்லை. எங்கள் சொந்தக் கணக்கு வெளியே போகாதிருக்க அந்தக் கோப்பை .gitignore பட்டியலில் சேர்த்திருந்ததால், அவருக்கு அது போய்ச் சேரவும் இல்லை. ஏட்டில் விடுபட்டது ஒரே வரி. கீழே நான்காவதாக இருப்பது:

```
python3 -m venv .venv
source .venv/bin/activate
pip install -r requirements.txt
python init_db.py
python app.py
```

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஏட்டைத் திருத்தும்போதெல்லாம், நிரலைப் புதியதொரு கோப்புறையில் மீண்டும் இறக்கி, ஏட்டில் உள்ளதை மட்டுமே தட்டச்சு செய்து, ஒரு செலவைப் பதிந்து பார்க்கிறேன். நிரல் திறந்துவிட்டது என்பதோடு நிறுத்தினால் பழைய பிழை மறைந்தே இருக்கும்.

இரண்டாவது பாடம் முன்பின் அறியாத நண்பர் ஒருவரிடமிருந்து வந்தது. தொகைகளை நான் பைசாக் கணக்கில் முழு எண்ணாகச் சேமிக்கிறேன். அவர் இரண்டு இரவு விழித்து, எல்லாவற்றையும் தசம எண்ணாக மாற்றி அனுப்பியிருந்தார். கணினி இரும எண்ணில் கணக்கிடுவதால் பத்தில் ஒன்றைக்கூட அதனால் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது, 0.1 + 0.2 என்று கேட்டால் பைத்தான் 0.30000000000000004 என்கிறது. முழு எண்ணில் இந்தச் சிக்கல் இல்லை. 100 ரூபாயை மூவர் பங்கிட்டால், 10000 பைசாவில் ஆளுக்கு 3333. மிஞ்சும் ஒரு பைசா பணம் கொடுத்தவர் கணக்கில் ஏறும். கூட்டிப் பார்த்தால் எப்போதும் சரியாக வரும். அவர் திருத்தத்தை ஏற்க இயலவில்லை. காரணத்தை முன்பே எழுதியிருந்தால் அவர் உழைப்பு வீணாகியிராது. இப்போது பங்களிப்புப் பகுதியின் முதல் வரியே இதுதான்: "தொகை பைசாவில், முழு எண்ணாக மட்டும்." பெரிய மாற்றமானால் எழுதுமுன் கேளுங்கள் என்பது அடுத்த வரி.

சிறப்புகளின் பட்டியலுக்குக் கீழே, செய்யாதவற்றையும் எழுதினேன். ஒரே கணினியில்தான் இயங்கும், கடவுச்சொல் இல்லை, கோப்பு அழிந்தால் கணக்கும் அழியும், ஆகவே படி எடுத்து வையுங்கள்.

சென்ற மாதம் அந்தத் தம்பி ஒரு திருத்தம் அனுப்பினார். அவர் அறை நண்பரின் கணினியில் இருப்பது விண்டோஸ்; அங்கே ஏட்டின் இரண்டாவது கட்டளை செல்லவில்லையாம். அதற்கு மாற்றாக `.venv\Scripts\activate` என்ற ஒரு வரியைச் சேர்த்திருந்தார். சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டேன். விருப்பப் பாடத்தை அவர் மாற்றவில்லை.