மணலில் இறங்கிய சொல்

கற்பிட்டிக் குடாநாட்டில் மாம்புரியில் பிறந்து, உயர்தரம் வரை தமிழிலேயே கற்று, விவசாய பீடத்தின் ஆங்கில விரிவுரை மண்டபத்துள் நுழைந்தவன் நான். மண்ணியல் விரிவுரையொன்றில் 'லீச்சிங்' என்ற சொல் காதில் விழுந்தது. அட்டையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே அறிந்திருந்த நான், "மணல் நிலத்தில் அட்டை அதிகம்" என்று குறிப்பெழுதினேன். மாம்புரி மணலில் அட்டையை ஒருநாளும் கண்டதில்லையே என்ற ஐயம் இரவில்தான் எழுந்தது.

அன்று முதல் என் குறிப்பேட்டின் பக்கத்தை நடுவே கோடிட்டுப் பிரித்தேன். இடப்பாதியில், விரிவுரையின்போது கேட்ட ஆங்கிலச் சொல்லை மொழிபெயர்க்காமல் எழுதுவேன். எழுத்துக் கூட்டத் தெரியாவிடின் ஒலியைத் தமிழில் குறிப்பேன். அன்றிரவே வலப்பாதியில் அதன் பொருளை என் ஊர் நிகழ்ச்சியொன்றால் விளக்குவேன். 'லீச்சிங்' என்பதற்கு எதிரே எழுதியது இது: "யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறுகிறது. மணல் அதனைப் பற்றி வைப்பதில்லை. இறைக்கும் நீரோடு அது வேருக்குக் கீழே இறங்கிக் கிணற்று நீரிற் கலக்கிறது." பாடநூல் இதனைக் 'கழுவிச் செல்லப்படல்' என்கிறது.

விடுமுறையில், வெங்காயம் பயிரிடும் மாமாவுக்கு ஒரு துண்டுப்பிரசுரத்தைத் தமிழாக்கிக் கொடுத்தேன். மூலத்தில் 92 kg N/ha என்றிருந்தது. "ஹெக்டேயருக்கு நைதரசன் 92 கிலோகிராம்" என்று பெயர்த்திருந்தேன். மாமா வாசித்துவிட்டு, "தம்பி, இந்த நைதரசன் எந்தக் கடையில விக்குது?" என்று கேட்டார். அவர் 92 கிலோ யூரியாவையே இட்டிருப்பின், பயிருக்குப் பாதிக்கும் குறைவான ஊட்டமே கிடைத்திருக்கும்.

அவர் எதிரிலேயே கணக்கை மாற்றினேன். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கே நைதரசன். ஆகவே 92ஐ 0.46ஆல் வகுக்க, 200 கிலோ யூரியா வருகிறது. ஹெக்டேயர் ஏறத்தாழ 395 பேர்ச் ஆதலின், பேர்ச்சுக்கு அரைக் கிலோ. அதையும் ஒரே தடவையில் இட்டால், பெரும்பகுதி பயிருக்கு எட்டுமுன் நீரோடு இறங்கிவிடும். நான்கு தடவையாகப் பிரித்தால், தடவைக்கு 125 கிராம். இவை கணக்கை விளக்கும் எண்களே. இடவேண்டிய அளவு பயிருக்கும் மண்ணுக்கும் ஏற்ப மாறும்.

புதிய வாசகம் இவ்வாறு அமைந்தது: "பேர்ச்சுக்கு அரைக் கிலோ யூரியா. நாலு பங்காக்கி, நாலு முறை போடவும். உரம் போட்டபின் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உரம் கிணற்றுக்குப் போய்விடும்." 'கழுவிச் செல்லப்படல்' என்ற சொல் அதில் இல்லை, அதன் பொருள் முழுவதும் உண்டு.

பின்னர், "விளங்கிற்றா?" என்று நான் கேட்கவில்லை, விளங்காதவரும் மரியாதைக்குத் தலையசைப்பர். தராசைக் கொடுத்து, பத்துப் பேர்ச் பாத்திக்கு முதல் தடவை இடும் உரத்தை நிறுக்கச் சொன்னேன். மாமா ஒன்றேகால் கிலோ நிறுத்தார். என் மொழிபெயர்ப்பு சரியென்று அப்போதுதான் அறிந்தேன்.