காலி இலைதான் வம்பு

செமிலிங்கில் சித்தப்பா மகள் கல்யாணம். இலையில் சோறு தீர்ந்தால் போதும், அத்தை வாளியோடு வந்துவிடுவார். “போதும் அத்தை” என்றால், “ரேடியோவுல நாள் முழுக்கப் பேசுற, தெம்பு வேணாமா?” என்று இன்னொரு கரண்டி விழும்.

டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்ன பிறகுதான் புரிந்தது: காலி இலைதான் அழைப்பு. இப்போது கூட்டு, பொரியலை முதலில் முடிக்கிறேன். சோற்றை மெதுவாகத் தின்று, ஓரத்தில் ஒரு பிடி விட்டுவைக்கிறேன். அது இருக்கும்வரை அத்தை அடுத்த இலைக்குப் போய்விடுவார். ரசம் வந்ததும் அந்தப் பிடியைப் பிசைந்து முடித்து, உடனே இலையை என் பக்கமாக மடித்துவிடுவேன். மடித்த இலையில் யாரும் பரிமாறுவதில்லை.

தீபாவளிக்கு இது பலிக்காது. முறுக்குத் தட்டுக்கு மடிப்பே கிடையாது. போன வருஷம் ஒன்றை மட்டும் எடுத்து, பேச்சு முடியும்வரை கையிலேயே வைத்திருந்தேன். கிளம்பும்போது அத்தை கார் ஜன்னல் வழியாக ஒரு டின்னை நீட்டினார்.