வலையும் வளையும்

இரண்டாம் வகுப்புப் பயிற்சித்தாளைத் திருத்துவது எளிய பணி என்று எண்ணுவோர் பலர். கோடிட்ட இடத்திற்கு ஒரு சொல். பொருத்துக பகுதிக்கு ஐந்து கோடுகள். விடைக்குறிப்பு கையிலிருந்தால் போதும் என்று தோன்றும். ஆயினும், தேர்ந்த ஆசிரியர் விடையை நோக்குமுன் குழந்தையின் எழுத்தை நோக்குகிறார்.

‘பசு தருவது ______’ என்னும் இடத்தில் ஒரு குழந்தை ‘பரல’ என்று எழுதியதுபோல் தெரிகிறது. துணைக்காலையும் ரகரத்தையும் பிரித்துக் காட்டுவது, ரகரத்தின் அடியில் சாய்ந்திறங்கும் ஒரு சிறு கோடுதான். ஆசிரியர் அதே தாளில் ‘மரம்’ என்னும் சொல்லைத் தேடிப் பார்க்கிறார். அங்குள்ள ரகரமும் இங்குள்ள துணைக்காலும் ஒரே வடிவில் இருக்கின்றன. எனவே, குழந்தை எழுத எண்ணியது ‘பால்’ என்பதே. புள்ளி எங்கே? பெரிதாக எழுதும் கைக்கு அச்சிட்ட இடம் போதவில்லை. இறுதி எழுத்து மேலேறி, புள்ளி மேல்வரியின் அச்செழுத்தோடு கலந்துவிட்டது. இவ்வினா சோதிப்பது பொருளறிவையே. ஆதலால் மதிப்பெண் வழங்கி, திருத்தமான வடிவத்தை அருகில் எழுதிக் காட்டுகிறார்.

பொருத்துக பகுதி இதனினும் நுட்பமானது. சிலந்தி, எலி, பறவை, சிங்கம், மாடு ஆகியன ஒருபுறம். வலை, வளை, கூடு, குகை, தொழுவம் ஆகியன மறுபுறம் இடம் மாறி நிற்கின்றன. கோடுகள் நெளிந்து ஒன்றையொன்று வெட்டுவதால், எழுதுகோலின் முனையால் ஒவ்வொன்றையும் தொடக்கத்திலிருந்து பின்தொடர வேண்டும். ஒரு கோடு இரு சொற்களுக்கு இடையில் நின்றுவிட்டால், மற்ற கோடுகளை முதலில் தொடர்ந்தபின் எஞ்சும் சொல்லைக்கொண்டு குழந்தையின் கருத்தை உய்த்துணரலாம்.

ஒரு குழந்தை சிலந்தியை வளையோடும் எலியை வலையோடும் இணைத்திருக்கிறது. ஏனைய மூன்றும் சரி. மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. இங்கே பிழைகள் இரண்டாயினும் குழப்பம் ஒன்றே. ஒன்றுக்கு ஒன்றாக ஐந்தையும் இணைக்கும்போது, ஒன்று மட்டும் தவறுதல் இயலாது. ஒன்று இடம் மாறினால் இன்னொன்றும் மாறியே தீரும். அவ்வாறே, நான்கை அறிந்த குழந்தைக்கு ஐந்தாவது உழைப்பின்றியே கிடைத்துவிடும். வலப்புறம் ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்த்தால் இவ்விரு குறைகளும் தீரும்.

மூன்று என்னும் எண், அக்குழந்தை அறியாதது எது என்பதைச் சொல்வதில்லை. எனவே, ஆசிரியர் குழந்தையை அழைத்து, “சிலந்தி எங்கே இருக்கும்?” என வினவுகிறார். அது விரல்களால் காற்றில் நூல் பின்னிக் காட்டுகிறது. எலியைக் கேட்டால், தரையில் துளையிருப்பதைக் காட்டுகிறது. சிலந்தியையும் எலியையும் அது நன்கறியும். லகரமும் ளகரமுமே இன்னும் அதற்குப் பிடிபடவில்லை. மறுநாள் கற்பிக்க வேண்டியது விலங்குகளின் இருப்பிடம் அன்று. இரண்டு எழுத்துகளின் ஒலி வேறுபாடே.