பேத்தியின் தூளியும் 24 டிகிரியும்

சென்ற கோடையில் என் மகள் ஒன்றரை மாதக் கைக்குழந்தையோடு திருவக்கரையில் எங்கள் வீட்டில் இருந்தாள். கல்மரம் பார்க்கவோ, பௌர்ணமிக்கு வக்கிரகாளியைக் கும்பிடவோ சித்திரை வைகாசியில் வந்தவர்களுக்கு எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மாடி தளம் இரவு பத்து மணிக்கும் சுடும். குழந்தைக்குக் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு. இரவெல்லாம் அழுகை.

மகள் ஏசி போட வேண்டும் என்றாள். என் மனைவி சம்மதிக்கவில்லை. "பச்ச ஒடம்புங்க, ஏசி காத்து ஆவாது. சளி கட்டிக்கும்" என்று என்னிடம் முறையிட்டாள். "வேர்வையில ஊறிக் கெடக்குதே, அது மட்டும் ஆவுமாம்மா?" என்றாள் மகள். திண்டிவனத்தில் காட்டும் குழந்தை மருத்துவரைக் கேட்டோம். "தாராளமாகப் போடுங்கள். 25லிருந்து 27க்குள் இருக்கட்டும், காற்று மட்டும் நேராகப் படக்கூடாது" என்றார்.

இதற்கு நடுவில் பிரான்சில் இருக்கும் என் சித்தப்பா மகன் போனில், "அண்ணே, இங்கல்லாம் கொழந்த ரூமுக்கு 18லிருந்து 20 டிகிரிதான்" என்று குழப்பிவிட்டான். நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அரசாங்கம் கொடுக்கும் 'கார்னே தெ சாந்தே' என்ற உடல்நலக் கையேட்டை அனுப்பச் சொல்லிப் படித்தேன். அவன் சொன்னது சரிதான். ஆனால் அது குளிர்காலத்தில் சூடேற்றிய அறைக்குச் சொன்ன கணக்கு. குளிருக்குப் பயந்து பெற்றோர் அறையை மிதமிஞ்சிச் சூடாக்கிவிடுவார்கள்; தூங்கும் குழந்தைக்கு அது ஆபத்து. அங்கே குழந்தை கனத்த பை போன்ற உடைக்குள் படுத்திருக்கும். இங்கே என் பேத்தி ஒற்றைப் பருத்திச் சட்டையில் கிடக்கிறாள். அந்த எண்ணை அப்படியே இங்கே கொண்டுவர முடியுமா?

24 என்ற எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. ஏசி வாங்கினால் 24லேயே வைத்துத்தான் வருகிறது, அது உடம்புக்கு உகந்த அளவு போல என்று பலர் நினைக்கிறார்கள். 2020 ஜனவரி 1 முதல் நட்சத்திர முத்திரை உள்ள வீட்டு ஏசிகளை 24ல் வைத்தே விற்க வேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டது மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக. குழந்தையை மனதில் வைத்துப் போட்ட விதி அல்ல.

எண்ணைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ரிமோட்டில் தெரிவது தூளியில் இருக்கும் குளிர் அல்ல. ஏசி தன் உணர்கருவியை உள்ளிழுக்கும் காற்றின் வழியில் வைத்திருக்கிறது. அதாவது கூரைக்குப் பக்கத்தில் ஏழெட்டு அடி உயரத்தில் உள்ள காற்றைத்தான் அது அளக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கும். வெக்கையான காற்று மேலே நிற்கும். மேலே 24 வருகிற வரை அது கீழே குளிரைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

நானூறு ரூபாய் சுமாருக்கு வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன மீட்டர் கிடைக்கிறது. வாங்கி, தூளிக் கயிற்றில் குழந்தையின் உயரத்துக்குக் கட்டிவிட்டேன். குமாஸ்தா புத்தி, ஒரு நோட்டும் போட்டேன். எங்கள் அறை பத்துக்குப் பன்னிரண்டு, ஏசி ஒரு டன். முதல் இரவு ஏசி 24ல். பலகை சாய்ந்து காற்று கீழே இறங்கியது. விடியற்காலை மூன்று மணிக்குத் தூளியில் 21. தூளி என்பது மெல்லிய புடவைத் துணி; காற்று அதைத் துளைத்துக்கொண்டு போகும். மரத் தொட்டிலுக்கு இருக்கிற பக்கப் பலகை அதற்கு இல்லை.

மறுநாள் இரண்டு மாற்றம் செய்தோம். காற்றைத் திருப்பும் பலகையை மேலும் கீழும் ஆடவிடாமல், கூரைக்கு இணையாகப் படுக்க வைத்து நிறுத்தினோம். அப்போது காற்று எதிர்ச் சுவர் வரை போய், வேகம் குறைந்து, பரவி இறங்குகிறது. தூளியை ஏசிக்கு நேர் எதிரிலிருந்து பக்கச் சுவர்ப் பக்கமாக மாற்றிக் கட்டினோம். ரிமோட்டில் 26. அன்று மூன்று மணிக்குத் தூளியில் 25½. வேறெதுவும் செய்யவில்லை. தூளி இருக்கும் இடத்தில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பார்த்தால் விஷயம் புரியும். புகை நேராக எழுந்தால் சரி, ஒரு பக்கமாகப் படுத்தால் அங்கே காற்று அடிக்கிறது என்று அர்த்தம். குழந்தை அறையில் இல்லாதபோது செய்து பாருங்கள், புகை அதற்கு ஆகாது.

அடுத்து என் மனைவியின் கவலை, காற்று வறண்டு போவது. இதில் அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஏசியின் குளிர்ந்த சுருளில் காற்று படும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகி வெளிக்குழாய் வழியே சொட்டுகிறது. 21 காட்டிய அந்த இரவு வெளியே வைத்த வாளி முக்கால்வாசி நிரம்பியது; மீட்டரில் ஈரப்பதம் 38. குழந்தைக்கு மூக்கடைத்து, பால் குடிக்க முடியாமல் திணறியது. அந்த வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுவார்கள். 26ல் வாளி பாதிகூட நிரம்பவில்லை, ஈரப்பதம் 52. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் இருந்தால் போதும்.

ரிமோட்டில் 'டிரை' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் உள்விசிறி மெதுவாகச் சுழலும்; காற்று சுருளில் நிதானமாகப் படும்; ஈரம் அதிகம் வடியும். ஐப்பசி கார்த்திகையில், துணி காயாத நாட்களில் அது நல்லது. கோடையில், மேல்காற்று அடிக்கும் நாட்களில் குழந்தை அறைக்கு வேண்டாம். மூலையில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைப்பார்கள். அதனால் ஏறும் ஈரம் மிகச் சொற்பம். நனைத்துப் பிழிந்த துண்டை நாற்காலி முதுகில் விரித்துப் போட்டால் மீட்டரில் இரண்டு மூன்று எண் ஏறுவதைப் பார்த்தேன். ஈரம் கக்கும் இயந்திரம் வாங்குகிறவர்கள் அதைத் தினமும் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சைதான் வரும். மூக்கடைப்புக்கு மருத்துவர் எழுதித் தந்தது உப்புநீர்ச் சொட்டு மட்டும்.

எங்கள் ஊருக்கென்று ஒரு தொல்லை, கல்குவாரித் தூசு. ஊரில் ஏசியின் வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவினால் போதும் என்பார்கள். இங்கே பத்து நாளில் சாம்பல் பூசினாற்போல் ஆகிவிடுகிறது. அடைத்த வடிகட்டியில் காற்று போகாது, சுருளில் பனிக்கட்டி கட்டும், ஈரமும் தூசும் சேர்ந்து நாற்றம் வரும். கதவைத் திறந்ததும் பழைய துணி வாடை அடித்தால் வடிகட்டியைக் கழற்றிக் குழாயடியில் காட்டி, நிழலில் உலர்த்திப் போடுங்கள்.

குழந்தைக்குக் குளிர்கிறதா என்று பார்க்க என் மனைவி உள்ளங்கையைத் தொடுவாள். அது ஜில்லென்று இருந்ததும் குல்லா, காலுறை, போர்வை எல்லாம் வரும். கைக்குழந்தையின் கை கால் இயல்பிலேயே சில்லிட்டிருக்கும் என்றார் மருத்துவர். மார்பையும் பிடரியையும் தொட வேண்டும். அங்கே வெதுவெதுப்பு இருந்தால் சரி. வேர்வை இருந்தால் சூடு அதிகம். சில்லென்று இருந்தால் ரிமோட்டில் ஒரு டிகிரி ஏற்றி, உடுப்பில் ஒன்று கூட்டலாம். தூங்கும்போது தலையை மூடக்கூடாது, முகத்தின் மேல் துணி விழக்கூடாது.

இன்னொன்று, ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அதே காற்றைத்தான் குளிர வைத்துச் சுற்றி விடுகிறது. அதனால் பால் கொடுக்க மகள் எழுந்திருக்கும் ஒவ்வொரு முறையும் கதவைப் பத்து நிமிஷம் திறந்து வைப்பாள். குளிப்பாட்டுவதற்குக் கால் மணி நேரம் முன்பே ஏசியை நிறுத்திவிடுவோம். தலை நன்றாகத் துவட்டி, ஈரம் போன பிறகுதான் மறுபடி போடுவது. இந்த வேலையை மட்டும் என் மனைவி வேறு யாரிடமும் விடவில்லை. மீட்டரையும் இப்போது அவள்தான் பார்த்துச் சொல்கிறாள்.